கம்பெனியோட நிஜ விலை எது? மார்க்கெட் கேப், எண்டர்பிரைஸ் வேல்யூ பத்தி அடிக்கடி வர்ற கேள்விகள்

பேலன்ஸ் ஷீட் படிக்க ஆரம்பிச்சவங்க என்கிட்ட கேக்குற சந்தேகத்துல பாதி, சுத்திச் சுத்தி ஒரே இடத்துலதான் வந்து நிக்குது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிச்சுப் போச்சு, அதனால கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்விய வெச்சு பதில எழுதிட்டேன். மேல இருந்து வரிசையா படிங்க, கீழ இருக்குற பதில்லாம் மேல சொன்ன கணக்க நம்பித்தான் ஓடும்.

ஷேர் விலைய மொத்த ஷேரோட பெருக்குனா வர்றதுதானே கம்பெனியோட விலை? இதுல என்ன குழப்பம்?

அது மார்க்கெட் கேப். கம்பெனியில ஓனர்களோட பங்கு இருக்கு பாருங்க, அதுக்கு மட்டும் இன்னிக்கு சந்தையில கிடைக்கிற விலை. கம்பெனிக்குள்ள ஓடுற தொழிலோட விலை அது இல்ல. ஏன்னா அந்தத் தொழில்மேல ஓனருக்கு முன்னாடி கை வைக்கிற உரிமை கடன் குடுத்தவனுக்கு இருக்கு.

இந்தப் பக்கம் முழுக்க ரெண்டு கற்பனைக் கம்பெனிய வெச்சே பேசுவோம். ஒண்ணு ‘கடன் கம்பெனி’, 5 கோடி ஷேர், ஒரு ஷேர் விலை 100, அப்போ மார்க்கெட் கேப் 500 கோடி. பேங்க்ல 600 கோடி கடன், கையில 100 கோடி கேஷ். இன்னொண்ணு ‘கேஷ் கம்பெனி’, 13 கோடி ஷேர், அதுவும் விலை 100தான், மார்க்கெட் கேப் 1300 கோடி. கடன் ஒரு பைசா கிடையாது, கையில 300 கோடி கேஷ். ரெண்டும் ஒரே மாதிரி ஃபேக்டரி, ஒரே சரக்கு, ஒரே விற்பனை. ஷேர் விலை ரெண்டும் 100ன்னு இருக்குறதால ஒண்ணுமே தெரியல பாருங்க. மார்க்கெட் கேப்ப பாத்தா ரெண்டாவது ரெண்டரை மடங்குக்கு மேல பெருசா தெரியுது. அதுவும் ஏமாத்துற கணக்குதான், ஏன்னு கீழ வருது.

சரி, எண்டர்பிரைஸ் வேல்யூன்னா என்ன, ஃபார்முலா சொல்லுங்க முதல்ல

கம்பெனிய மொத்தமா, யாருக்கும் பாக்கி இல்லாம, உங்க கைக்கு கொண்டு வர எவ்ளோ செலவாகும்ங்கிறதுதான் ஈவி.

```
ஈவி = மார்க்கெட் கேப் + கடன் + ப்ரிஃபரன்ஸ் ஷேர் + மைனாரிட்டி பங்கு − கேஷ்
```

ஃபார்முலாவுக்கு நடுவுல இருக்குற ப்ரிஃபரன்ஸ் ஷேர், அதாவது சாதாரண ஷேருக்கு முன்னாடி டிவிடெண்ட் வாங்குற ஷேர், நம்ம ரெண்டு கம்பெனியிலயும் இல்ல, மைனாரிட்டி பங்கும் இல்ல, அது என்னன்னு கீழ வருது. கடன் கம்பெனிக்கு 500 + 600 − 100 = 1000. கேஷ் கம்பெனிக்கு 1300 + 0 − 300 = 1000. ரெண்டும் அதே ஆயிரம். ஒரே மாதிரி தொழிலுக்கு சந்தை ஒரே விலைதான் போட்டிருக்கு. ஷேர் விலைய மட்டும் பாத்தவங்க கண்ணுக்கு அது தெரியல, அவ்ளோதான்.

கடன்னா கெட்டதுதானே சார், அத கழிக்கணும்ல, ஏன் கூட்டுறீங்க?

நூத்துக்கு தொண்ணூறு பேர் மாட்டிக்கிற இடம் இதுதான். ஈவி கம்பெனிக்குப் போடுற மார்க் இல்ல, நீங்க குடுக்குற விலை. இந்த ரெண்டையும் கலக்குறதாலதான் குழப்பம் வருது.

ஒரு வளையல் அடகுல இருக்கு. அடகு ரசீது வெச்சிருக்கிறவர் ‘20 ஆயிரம் குடுங்க, ரசீத உங்க பேருக்கு மாத்தித் தர்றேன்’னு சொல்றார். வளையல் 20 ஆயிரத்துக்கு கிடைச்சிடுச்சுன்னு வீட்டுக்கு வந்து சொல்லுவீங்களா? கடைக்குப் போய் 80 ஆயிரம் கட்டி மீட்டாத்தான் வளையல் கைக்கு வரும். உங்களுக்கு அது 1 லட்சத்துக்கு விழுந்திருக்கு. ரசீதோட விலைதான் மார்க்கெட் கேப், மீட்குற தொகை கடன், வளையலோட விலை ஈவி. கடன் ஜாஸ்தியா இருந்தா ரசீது மலிவா கிடைக்கும், வளையல் மலிவாகாது.

அப்போ ‘கடன கழிக்கணும்’னு தோணுறது எங்கருந்து வருது? அதுவும் சரியான எண்ணம்தான், எதிர்த்திசையில. தொழிலோட மதிப்பு தெரிஞ்சா அதுலருந்து கடன கழிச்சு, கேஷ கூட்டினா ஓனருக்கு மிஞ்சுறது வரும்: 1000 − 600 + 100 = 500. ரசீதுலருந்து வளையலுக்குப் போனா கூட்டணும், வளையல்லருந்து ரசீதுக்கு வந்தா கழிக்கணும்.

கேஷ் நல்லதுதானே, அத கழிச்சா கம்பெனி மதிப்பு கம்மியா காட்டுதே?

மேல சொன்னதுதான், மதிப்பு கம்மியாகல, உங்க செலவு கம்மியாகுது. கேஷ் கம்பெனிய 1300 குடுத்து முழுசா வாங்குறீங்க, மறுநாள் காலையில கல்லாவ திறந்தா உள்ள 300 இருக்கு, அது இப்போ உங்களோடது. எடுத்து பாக்கெட்ல போட்டுக்கிட்டா உங்களுக்கு ஃபேக்டரி 1000த்துக்கு விழுந்துச்சு. அந்த 300யும் உண்மையிலயே எடுக்க முடியுமாங்கிறது தனி வழக்கு, கீழ வருது.

நிஜமா கம்பெனி வாங்குறவங்க ஷேர்ஹோல்டருக்கு மட்டும்தானே காசு குடுப்பாங்க? கடன் அது பாட்டுக்கு கம்பெனியில இருக்கும்ல?

இருக்கலாம், ஆனா யாரோட கம்பெனியில? உங்களோடதுல. வட்டி உங்க லாபத்துலருந்துதான் போகும். அதுவுமில்லாம நிறைய லோன் அக்ரிமெண்ட்லயும் பாண்ட்லயும் ‘ஓனர் மாறினா முழுக்கடனையும் கேக்கலாம்’னு ஒரு ஷரத்து இருக்கும். அப்போ வாங்குன அன்னிக்கே 600 கோடிக்கு வழி தேடணும்.

லிஸ்ட் ஆகாத கம்பெனி கைமாறும்போது இது பச்சையா தெரியும். அங்க பேரத்த ‘கடன் இல்லாம, கேஷ் இல்லாம’ங்கிற அடிப்படையிலதான் ஆரம்பிப்பாங்க. அதாவது பேசுறதே ஈவிலதான். தொழிலுக்கு 1000ன்னு முடிவாகும், அப்புறம் கை மாறுற தேதியில கடன் எவ்ளோ, கேஷ் எவ்ளோன்னு எண்ணி, கழிச்சுக் கூட்டி ஓனருக்கு செக் போடுவாங்க. 1000ங்கிறத விட, எது எது கடன் எது எது கேஷ்ங்கிற லிஸ்ட்டுக்குத்தான் சண்டை ஜாஸ்தியா நடக்கும்.

கம்பெனி நாளைக்கே 200 கோடி புதுசா கடன் வாங்குனா ஈவி 200 ஏறிடுமா?

ஏறாது. கடன் 200 கூடுது, அந்தக் காசு அப்படியே கேஷா உள்ள வந்து உக்காருது, ரெண்டும் அடிச்சுப் போகுது. கையில இருக்குற கேஷ வெச்சு கடன அடைச்சாலும் அதே கதை. டிவிடெண்டா 100 கோடி வெளிய போச்சுன்னா கேஷ் 100 குறையும், மார்க்கெட் கேப்பும் கிட்டத்தட்ட அதே அளவு இறங்கும் (எக்ஸ் டிவிடெண்ட் அன்னிக்கு ஷேர் விலை இறங்குறது இதனாலதான்), ஈவி அசையாது. காச எந்தப் பாக்கெட்லருந்து எந்தப் பாக்கெட்டுக்கு மாத்தினாலும் ஃபேக்டரிக்கு ஒண்ணும் ஆகல பாருங்க.

மோடிக்லியானி, மில்லர்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் 1958லயே இத எழுதினாங்க: வரி, திவால் செலவு மாதிரி உராய்வெல்லாம் இல்லைன்னு வெச்சுக்கிட்டா, கம்பெனியோட மொத்த மதிப்பு அது கடன்ல ஓடுதா சொந்தக் காசுல ஓடுதாங்கிறத பொறுத்தது இல்ல. நிஜத்துல உராய்வு இருக்கு. வட்டிக்கு வரிவிலக்கு கிடைக்கிறதால கடன் கொஞ்சம் உதவும், ஓவரா போனா சப்ளையரே சரக்கு குடுக்க பயப்படுவான், அப்போ தொழிலே கெடும். ஈவி நிஜமா மாறுறது எப்போன்னா, வாங்குன 200 கோடிய வெச்சு என்ன பண்ணாங்கங்கிறதுல. 200 போட்டு 300 மதிப்புள்ள பிளாண்ட் கட்டினா ஏறும், 200 போட்டு 80 மட்டும் பொறுற கம்பெனிய வாங்குனா ஓனர் பங்குல 120 காலி.

பிஇ ரேஷியோ பாத்தா போதாதா? அதுலயே லாபம் வந்துடுதே, வட்டியெல்லாம் கழிச்ச லாபம்தானே?

இதுக்கு நம்ம ரெண்டு கம்பெனிய முழுசா போட்டுப் பாப்போம். ரெண்டுக்கும் எபிட்டா, அதாவது வட்டி, வரி, தேய்மானம் எதையும் கழிக்கிறதுக்கு முன்னாடி இருக்குற லாபம், 150, தேய்மானம் 30, அப்போ வட்டிக்கு முன்னாடி லாபம் 120. கடன் கம்பெனி 600க்கு 9% வட்டி கட்டுது, அது 54. கையில இருக்குற 100க்கு 6% வட்டி வருது, அது 6. மிச்சம் 72, வரி 25% போனா நிகர லாபம் 54. மார்க்கெட் கேப் 500, அத நிகர லாபத்தால வகுத்தா பிஇ 9.3. கேஷ் கம்பெனிக்கு 120ஓட 300க்கு வர்ற வட்டி 18ம் சேந்து 138, வரி போக 103.5. மார்க்கெட் கேப் 1300, பிஇ 12.6.

பிஇ மட்டும் பாக்குறவர் ‘அட, ஒரே தொழில், இது 9ல கிடைக்குது அது 12லன்னா’ன்னு கடன் கம்பெனிய அள்ளிக்குவார். ஈவிய எபிட்டாவால வகுத்தா ரெண்டும் 1000 / 150, அதாவது 6.7. தொழில் ஒரே விலைக்குத்தான் விக்குது. 9க்கும் 12க்கும் இருக்குற வித்தியாசம் மலிவு இல்ல, ரிஸ்குக்கு சந்தை குடுக்குற தள்ளுபடி.

என்ன பெரிய ரிஸ்க்? லாபம் வருது, வட்டி கட்டுறாங்க, ஓடுதுல்ல?

தொழிலோட மதிப்பு 20% குறைஞ்சு ஈவி 800 ஆச்சுன்னு வைங்க. கடன் குடுத்தவன் ஒரு பைசா விட்டுக் குடுக்க மாட்டான். கடன் கம்பெனியில ஓனருக்கு 800 − 600 + 100 = 300, அதாவது 500லருந்து 40% அடி. கேஷ் கம்பெனியில 800 + 300 = 1100, அடி 15% தான். ஏறும்போதும் இதே கணக்கு, ஈவி 1200 ஆனா கடன் கம்பெனி ஷேர் 40% ஏறும், அதப் பாத்துத்தான் நிறைய பேர் விழறாங்க. ஈவி பாதியானா? கேஷ் கம்பெனி ஓனர்கிட்ட 800 இருக்கும். கடன் கம்பெனி ஓனர்கிட்ட பூஜ்யம்.

ஈவிக்கு கீழ எந்த நம்பர போட்டு வகுக்கணும்? நிகர லாபத்தால வகுத்தா தப்பா?

தப்புதான். மேல இருக்குறது ஓனர், கடன்காரன் ரெண்டு பேரோட காசும் சேந்தது, அப்போ கீழயும் ரெண்டு பேருக்கும் சேத்து சம்பாதிச்சது வரணும். அதாவது வட்டி கட்டுறதுக்கு முன்னாடி இருக்குற லாபம். எபிட்டா போடலாம், தேய்மானம் கழிச்ச எபிட் போடலாம், விற்பனையும் போடலாம். மெஷின் அடிக்கடி மாத்த வேண்டிய தொழிலுக்கு நான் எபிட்தான் பாப்பேன், தேய்மானம் அங்க நிஜச் செலவு, அத மறந்துட்டுப் பேசினா எல்லாக் கம்பெனியும் மலிவாத்தான் தெரியும்.

பொதுவா ஒரு ஓட்டை இங்க விழும். கேஷ் கம்பெனியோட 18 கோடி வட்டி வருமானம் ‘இதர வருமானம்’ங்கிற வரியில வரும், சில பேர் அதையும் எபிட்டாவுல சேத்துடுவாங்க. 1000 / 168ன்னு 6க்கு கீழ போயிடும். மேல கேஷ கழிச்சாச்சு, கீழ அதே கேஷ் சம்பாதிச்ச வட்டியவும் எடுத்துக்கிட்டாச்சு, ஒரே காச ரெண்டு தடவ எண்ணியாச்சு. கேஷ கழிச்சீங்கன்னா அதோட வட்டியயும் விட்டுடணும்.

பேலன்ஸ் ஷீட்ல இருக்குற கேஷ் முழுசையும் கழிச்சிடலாமா?

ஃபார்முலா கழிக்கச் சொல்லுது, நான் கொஞ்சம் யோசிச்சுத்தான் கழிப்பேன். ஃபேக்டரி ஓட தினமும் கொஞ்சம் காசு கல்லாவுல இருந்தே ஆகணும், அத எடுத்தா சம்பளம் நிக்கும். கஸ்டமர் குடுத்த அட்வான்ஸ் இருக்கும், அதுக்கு நாளைக்கு சரக்கு அனுப்பணும். வேற நாட்டு கிளையில மாட்டிட்டு, கொண்டு வந்தா வரி கட்ட வேண்டிய காசு இருக்கும். பேங்க் கேரண்டிக்காக பூட்டி வெச்ச டெபாசிட் இருக்கும், இது நோட்ஸ்ல ‘மார்ஜின் மணி’ன்னோ ‘லீன்’னோ ஒளிஞ்சிருக்கும்.

அடுத்தது தேதி விளையாட்டு. பேலன்ஸ் ஷீட் ஒரே ஒரு நாள் எடுத்த ஃபோட்டோ. அந்த நாளுக்கு முன்னாடி சப்ளையர் பாக்கிய தள்ளிப் போட்டு, கஸ்டமர்கிட்ட விரட்டி வசூல் பண்ணி கடன அடைச்சா ஃபோட்டோ அழகா வரும், அடுத்த வாரம் திரும்ப கடன் ஏறும். இத கண்டுபிடிக்க வட்டிய பாருங்க. கடன் கம்பெனி மாதிரியே ஒரு கம்பெனி வருஷக் கடைசியில 600 கடன் காட்டுது, ஆனா அந்த வருஷம் கட்டுன வட்டி 81ன்னு வைங்க. 600க்கு 81ன்னா 13.5%. அதுக்கு நிஜமா கிடைக்கிற ரேட் 9%ன்னா, வருஷம் முழுக்க சராசரியா 900 கடன் ஓடியிருக்கு. ஈவில நான் 900தான் போடுவேன், 600 இல்ல.

கேஷுக்கும் இதே சோதனைதான், வந்த வட்டிய சராசரி கேஷால வகுங்க, 300 கோடி இருக்குன்னு சொல்லிட்டு 3 கோடி வட்டி வந்திருந்தா அந்தக் காசு வருஷம் முழுக்க அங்க இல்லைன்னு அர்த்தம். ஆனா இது எல்லாத்தையும் பிடிக்காது. 2009 ஜனவரியில சத்யம்ங்கிற ஐடி கம்பெனியோட தலைவர் ராமலிங்க ராஜு எழுதின கடிதத்துல, கணக்குல காட்டின 5,361 கோடி ரூபாய் கேஷ், பேங்க் பேலன்ஸ்ல 5,040 கோடி இல்லவே இல்லைன்னு ஒத்துக்கிட்டார். அதே கடிதத்துல 376 கோடி வர வேண்டிய வட்டியும் பொய்ன்னு இருக்கு, அதாவது இல்லாத கேஷுக்கு இல்லாத வட்டியும் எழுதியிருக்காங்க. 2020ல ஜெர்மனியோட வயர்கார்ட்ங்கிற பேமெண்ட் கம்பெனியிலயும் 1.9 பில்லியன் யூரோ கேஷ் இருந்ததுக்கு ஆதாரமே இல்லாம போச்சு. ஈவி ஃபார்முலாவுல ரொம்ப பத்திரமான உருப்படின்னு நினைக்கிறதுலயே இப்படி ஆகும். கையில அவ்ளோ கேஷ் வெச்சுக்கிட்டு டிவிடெண்டும் குடுக்காம, பக்கத்துலயே வட்டிக்கு கடனும் வாங்கிட்டு இருக்குற கம்பெனிய பாத்தா ‘ஏன்டா?’ன்னு ஒரு தடவ கேட்டுக்கோங்க.

கடன்னு எத எல்லாம் சேக்கணும்? சப்ளையர் பாக்கியும் கடன்தானே?

அது பாக்கிதான், ஆனா பொதுவா சேக்கிறது இல்ல. தொழில் ஓடும்போது தானா சுத்துற பணம் அது, ஒரு பக்கம் சப்ளையருக்கு குடுக்கணும், இன்னொரு பக்கம் கஸ்டமர்கிட்ட வரணும். வட்டி ஓடுற எல்லாத்தையும் சேருங்க: டேர்ம் லோன், ஓவர்டிராஃப்ட், பாண்ட், இந்த வருஷம் கட்ட வேண்டிய தவணை (இது நடப்புப் பொறுப்புகள் பக்கம் தனியா இருக்கும், விட்டுடுவாங்க). தொழிலாளர் பென்ஷனுக்கு ஒதுக்கினதுல துண்டு விழுந்தா அதுவும் கடன் மாதிரிதான்.

லீஸ்ல கவனம். லீஸுக்கான சர்வதேச கணக்கு விதி ஐஎஃப்ஆர்எஸ் 16, 2019 ஜனவரி 1லருந்து வந்ததுக்கப்புறம், அந்த விதிப்படி கணக்கு எழுதுற கம்பெனிகள்ல கடை வாடகை எபிட்டாவுக்கு மேல செலவா வராது, தேய்மானம், வட்டின்னு பிரிஞ்சு கீழ போயிடும். எபிட்டா பெருசா தெரியும். அப்போ லீஸ் பொறுப்பையும் கடன்ல கூட்டியே ஆகணும், இல்லைன்னா வாடகையே குடுக்காத கம்பெனி மாதிரி மலிவா காட்டும். அமெரிக்க விதியில ஆபரேட்டிங் லீஸ் வாடகை இன்னமும் மேலயே செலவா வருது, அங்க அதோட பொறுப்ப கூட்ட வேண்டாம். ரெண்டு விதியில எழுதின கம்பெனிகள பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒப்பிடும்போது இது பெரிய குழி.

மைனாரிட்டி பங்கு ஏன் கூட்டணும்? அது வேற யாரோ ஒருத்தரோடது தானே?

வேற ஒருத்தரோடதுங்கிறதாலதான். உங்க கம்பெனிக்கு ஒரு துணைக் கம்பெனியில 60% இருக்குன்னா, துணைக் கம்பெனியயும் சேத்து எழுதுற கன்சாலிடேட்டட் கணக்குல அதோட எபிட்டா 60% இல்ல, முழு 100%யும் வந்து சேரும். கீழ முழுசா இருக்கு, மேல மார்க்கெட் கேப்ல 60% தான் இருக்கு. அந்த 40%க்கு விலை கூட்டினாத்தான் தராசு நேராகும்.

இங்க நானே சூடு பட்டிருக்கேன். ஒரு கம்பெனிக்கு பேலன்ஸ் ஷீட்ல இருந்த மைனாரிட்டி தொகைய அப்படியே எடுத்துப் போட்டு, ரொம்ப மலிவுன்னு சந்தோஷமா இருந்தேன். துணைக் கம்பெனி தனியா லிஸ்ட் ஆகியிருக்குங்கிறத கவனிக்கல. புத்தகத்துல இருக்குறது பழைய கணக்கு விலை, சந்தையில அந்தப் பங்கு அதப்போல பல மடங்கு. சந்தை விலைய போட்டதும் மலிவெல்லாம் ஆவியாப் போச்சு.

25%, 30%ன்னு கட்டுப்பாடு இல்லாம வெச்சிருக்குற பங்குக்கு இதுக்கு நேர் எதிர். அந்தக் கம்பெனியோட எபிட்டா உங்க கணக்குல வரவே வராது, ஆனா அந்தப் பங்கோட மதிப்பு உங்க மார்க்கெட் கேப்ல உக்காந்திருக்கும். அதனால அத கேஷ் மாதிரி கழிக்கணும்.

ஈவி மைனஸ்ல காட்டுது! காசு குடுத்து கம்பெனியும் தர்றாங்களா?

மார்க்கெட் கேப் 150, கேஷ் 200, கடன் இல்ல, ஈவி −50. கணக்கு சரிதான். ஆனா இப்படி இருக்குற நிறைய கம்பெனி, விக்கிறதுக்கு இன்னும் மருந்தே வராத பயோடெக் மாதிரி, வருஷத்துக்கு 80 எரிச்சுக்கிட்டு இருக்கும். எட்டே மாசத்துல அந்த 50 காலி. சந்தை இன்னிக்கு இருக்குற கேஷுக்கு விலை போடல, நீங்க கை வைக்கிறதுக்குள்ள மிஞ்சப் போற கேஷுக்குத்தான் போடுது.

எரிக்காம இருந்தாலும் காரணம் இருக்கலாம். யாஹூகிட்ட அலிபாபா பங்கு பெருசா இருந்துச்சு, 2014ல அலிபாபா லிஸ்ட் ஆனதுக்கப்புறம் யாஹூவோட மார்க்கெட் கேப்லருந்து அந்தப் பங்கையும், யாஹூ ஜப்பான் பங்கையும், கேஷையும் கழிச்சா சொந்தத் தொழிலுக்கு சில சமயம் பூஜ்யத்துக்கும் கீழ விலை வந்துச்சு. அந்தப் பங்க வித்தா பெரிய வரி கட்டணும்ங்கிற பயம் அதுல பாதிக் காரணம். அந்தத் தொழில 2017ல வெரைசன் சுமார் 4.5 பில்லியன் டாலர் குடுத்து வாங்குச்சு. அப்போ பூஜ்யம்னு காட்டினது தொழிலோட மதிப்ப இல்ல, முழு மதிப்புக்கு கழிச்ச பங்கு முழு மதிப்புக்குக் கைக்கு வராதுங்கிறதத்தான்.

பேங்குக்கு ஈவி எவ்ளோன்னு தேடினா ஒவ்வொரு இடத்துல ஒண்ணு காட்டுதே?

பேங்குக்கு ஈவிய விட்டுடுங்க. டெபாசிட் அங்க கடன் இல்ல, கச்சாப் பொருள். வட்டி அங்க செலவுக் கணக்குல நடுநாயகம், அதுக்கு முன்னாடி இருக்குற லாபம்னு ஒண்ண பிரிக்கவே முடியாது. பேங்க், ஃபைனான்ஸ் கம்பெனிக்கெல்லாம் புக் வேல்யூ, அதாவது சொத்துலருந்து பாக்கிய கழிச்சா வர்ற கணக்கு மதிப்பு, அது பக்கம் போறதுதான் வழக்கம்.

ஷேர் 90% விழுந்துடுச்சு, ஆனா ஈவி பெருசா குறையல. அப்போ கம்பெனி இன்னும் மதிப்பாத்தானே இருக்கு?

மார்க்கெட் கேப் 20, கடன் 600, கேஷ் 20ன்னு இருக்குற கம்பெனிக்கு ஃபார்முலா 600ன்னு காட்டும். ஃபார்முலா என்ன நம்பிக்கிட்டு இருக்குன்னா, 600 கடன் முழுசா திரும்பி வரும்னு. அந்தக் கம்பெனியோட பாண்ட் சந்தையில என்ன விலைக்குப் போகுதுன்னு பாருங்க. 100 முகமதிப்பு பாண்ட் 50க்கு கைமாறுதுன்னா கடன் குடுத்தவங்களே பாதிதான் வரும்னு நினைக்கிறாங்க, அப்போ கடன் 300, ஈவியும் 300. ஆரோக்கியமான கம்பெனிக்கு புத்தகக் கடனும் சந்தைக் கடனும் கிட்டக்கிட்ட இருக்கும், அதனால யாரும் இதக் கண்டுக்கிறது இல்ல, தள்ளாடுற கம்பெனியிலதான் இந்த வித்தியாசம் பிரியும்.

அப்புறம் ஏன் ஷேருக்கு அந்த 20 கோடியாவது இருக்கு, பூஜ்யமா இருக்கணுமேன்னு அடுத்து கேப்பீங்க. பழைய வளையலுக்கே வாங்க. மீட்க 80 ஆயிரம் வேணும், தங்கம் விழுந்து வளையல் 60 ஆயிரம்தான் பொறும். ரசீத யாரும் சும்மா தூக்கிப் போட மாட்டாங்க, கெடு தேதிக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கு, அதுக்குள்ள விலை ஏறினா ஏதாவது மிஞ்சும், ஏறலைன்னா மீட்காம விட்டுட்டுப் போயிடலாம், வீட்டுக்கு வந்து யாரும் மிச்சத்த கேக்க முடியாதுன்னு வெச்சுக்குவோம். அந்த நப்பாசைக்கு ஒரு ஆயிரம், ரெண்டாயிரம் குடுக்க ஆள் இருக்கும். ஷேர்ஹோல்டருக்கும் போட்ட காசோட பொறுப்பு முடிஞ்சுது, அதனால 20 கோடிங்கிறது தொழிலோட விலை இல்ல, கெடுவுக்குள்ள ஏதாவது நடக்குமாங்கிறதுக்கு கட்டுன பந்தயம். இந்த மாதிரி ஷேர ‘100லருந்து 10க்கு வந்துடுச்சு, மலிவு’ன்னு வாங்குறவங்க, கடன் எப்போ கட்டணும்ங்கிற தேதிய நோட்ஸ்ல பாத்தாங்களான்னு கேட்டா பெரும்பாலும் முழிப்பாங்க.